ஓய்வுபெற்ற வங்கி எழுத்தரின் வீட்டுவாசல் மளிகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை எஸ்.எஸ். காலனியில் மாதச் சாமான்களை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன். சாமான் இறக்கும்போது வாசலில் நிறுத்தி என்னிடம் கேட்கப்படும் கேள்விகளையும், இதே தொழிலைத் தொடங்க நினைக்கும் பழைய சக ஊழியர்கள் தொலைபேசியில் கேட்பவற்றையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

பேங்கில் வேலை பார்த்தவருக்கு மளிகை எதற்கு சார்? பென்ஷன் வருகிறதே?

பென்ஷன் போதும். பணத்துக்காகத் தொடங்கினேன் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். 2023-ல் ஓய்வுபெறும்வரை நான் காசாளர் இருக்கையிலும் அதற்குப் பின்னாலிருந்த மேசைகளிலுமாகவே காலம் தள்ளியவன். மாதக் கடைசியில் பென்ஷன் எடுக்க வரும் முதியவர்கள், பணத்தைப் பைக்குள் வைத்த கையோடு, அரிசியை யார் மாடிக்குத் தூக்குவது என்ற பேச்சைத் தொடங்குவார்கள். எங்கள் தெருவில் பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் வீடுகள் அதிகம். அவற்றில் பல மின்தூக்கி இல்லாத இரண்டு மாடி வீடுகள். ஓய்வுபெற்ற பிறகு முதலில் எதிர்வீட்டு அம்மாவுக்கு அவருடைய லிஸ்ட்டை வாங்கி வந்து கொடுத்தேன். அடுத்த மாதம் அவருடைய சம்பந்தி வீட்டுக்கும் சேர்த்து வாங்க வேண்டியதாயிற்று. ஒன்பது வீடுகள் ஆனபோது என் மனைவி, இதைத் தொழிலாகச் செய்வதென்றால் கணக்கு எழுதிச் செய்யுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள் என்று சொன்னார். கணக்கு எழுதுவது எனக்குத் தெரிந்த ஒரே வேலை என்பதால் விடவில்லை.

கடை எங்கே இருக்கிறது? நேரில் வந்து வாங்கலாமா?

கடை என்று தனியாக எதுவும் இல்லை. என் வீட்டின் முன்னறையில் இரண்டு இரும்பு அலமாரிகளும், ஒரு தராசும், மரப்பலகைமேல் அடுக்கிய மூடைகளும் இருக்கின்றன. அவையும் மாதத்தின் கடைசி நான்கைந்து நாட்களிலும் முதல் வாரத்திலும் மட்டும்தான். ஒவ்வொரு வீடும் 27-ஆம் தேதிக்குள் லிஸ்ட்டைக் கொடுத்துவிட வேண்டும். எல்லா லிஸ்ட்டுகளையும் சேர்த்து, துவரம் பருப்பு மொத்தம் எத்தனை கிலோ, உளுந்து எத்தனை கிலோ என்று கூட்டி, அந்த அளவுக்கே கொள்முதல் செய்து, 1-ஆம் தேதியிலிருந்து 5-ஆம் தேதிக்குள் வீடு வீடாகக் கொடுத்து முடிக்கிறேன். கடைக்காரர் சரக்கை வாங்கி வைத்துவிட்டு ஆளுக்காகக் காத்திருக்கிறார். நான் ஆள் கேட்ட பிறகு வாங்குவதால் பழைய சரக்கு தங்குவதில்லை, ரவையில் வண்டு வைப்பதில்லை, ஐப்பசி மழையில் வெல்லம் கசிந்து மூடையோடு வீணாவதில்லை. நடுமாதத்தில் அரைக் கிலோ சீனி தீர்ந்துவிட்டால் அதற்கு என்னிடம் வரக்கூடாது. தெருமுனை அண்ணாச்சி கடைக்குத்தான் போக வேண்டும். அதில் ஓர் ஏற்பாடு இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

எவ்வளவு முதல் போட்டீர்கள்?

இரண்டு லட்சம் ரூபாய். ஓய்வுகாலப் பணத்தின் பெரும்பகுதி மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இருக்கிறது. நான் ஓய்வுபெற்ற ஆண்டின் ஏப்ரலில்தான் அதன் உச்சவரம்பு 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்ந்தது, வட்டி 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கில் வந்துவிடும். அந்தப் பணத்தில் கை வைப்பதில்லை என்று வீட்டில் எழுதாத ஒப்பந்தம். மளிகைக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கி, அதில் இரண்டு லட்சம் போட்டு, தராசு, அலமாரி, பழைய வண்டிக்குப் பின்னால் பொருத்திய பெட்டி என்று 30,000 செலவழித்தேன். மீதி 1,70,000 ரூபாய்தான் சுழலும் பணம். இதே இரண்டு லட்சத்தைச் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருந்தால் ஆண்டுக்கு 16,400 ரூபாய் உட்கார்ந்த இடத்தில் கிடைத்திருக்கும். ஆகவே என் லாபக் கணக்கின் முதல் வரியிலேயே மாதம் 1,367 ரூபாயைக் கழித்துவிடுகிறேன். தொழில் தொடங்கும் நண்பர்கள் பலர் இந்த வரியை எழுதுவதே இல்லை.

சரக்கு எங்கே எடுக்கிறீர்கள்? மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட மாட்டார்களா?

கீழமாசி வீதியில்தான். விளக்குத்தூணிலிருந்து வடக்கே நடந்தால் பருப்புக்கு ஒரு கடை, மிளகாய் மல்லிக்கு ஒரு கடை, புளிக்கு ஒரு கடை என்று தனித்தனியாக இருக்கின்றன. ஒரே கடையில் எல்லாவற்றையும் வாங்கினால் அலைச்சல் குறையும். ஆனால் ஒவ்வொரு கடைக்கும் எது சொந்தச் சரக்கோ அதில்தான் விலையும் தரமும் சரியாக இருக்கின்றன. சித்திரைத் திருவிழாவில் தேர் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது. அந்த நாட்களில் வண்டி உள்ளே நுழையாது என்பதால் திருவிழாத் தேதிகளை ஆண்டுத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்துவிடுவேன்.

சரக்கைப் பார்த்து வாங்குவதில் துவரம் பருப்புதான் கடினம். கண்ணைப் பறிக்கும் பளபளப்பு இருந்தால் நான் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பேன். எண்ணெய்ப் பிசுக்கோ நிறமோ கையில் ஒட்டினால் அந்த மூடை வேண்டாம். பருப்புகள் உருண்டையாக இருக்க வேண்டிய இடத்தில் ஆப்பு வடிவத்தில், ஒரு பக்கம் சரிந்த பருப்புகள் கலந்திருந்தால் அது துவரையில் கலப்படம் செய்யும் கேசரிப் பருப்பாக இருக்கலாம். அங்கே விலையே கேட்பதில்லை. இந்தச் சோதனைகளில் தேறினாலும் பழைய பருப்பு வேகாது. அது கண்ணுக்குத் தெரியாது, அடுப்புக்குத்தான் தெரியும். ஆகவே முந்தின நாளே நூறு கிராம் மாதிரி வாங்கி வந்து வீட்டில் வேகவைத்துப் பார்த்த பிறகுதான் மூடை எடுக்கிறேன். மிளகாய் வற்றலைக் காதருகே குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும், காம்பு ஒடிய வேண்டும். வளைந்துகொடுக்கும் மிளகாயில் ஈரம் இருக்கிறது; இன்று பத்து கிலோவாக வாங்கினால் பொட்டலம் போடும்போது பத்து இருக்காது, உள்ளே பூஞ்சையும் வரும். ராமநாதபுரத்துக் குண்டு மிளகாயும் புதுப் புளியும் மாசி பங்குனியில் வரத்து ஆகும்போது எங்கள் வீடுகளில் பலரும் ஆண்டுக்கானதை மொத்தமாகக் கேட்டுவிடுகிறார்கள். ஆண்டிலேயே எனக்கு அதிக முதல் தேவைப்படும் மாதம் அதுதான்.

லைசென்ஸ் ஏதாவது வேண்டுமா?

வேண்டும். வீட்டிலிருந்து செய்வதால் தேவையில்லை என்று நினைப்பது சரியல்ல. நான் தொடங்கியபோது இருந்த விதிப்படி, ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு மட்டும் போதும். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். அதைத் தாண்டினால் மாநில உரிமம் எடுக்க வேண்டும். சில்லறை வியாபாரிக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய். என் கணக்கில் இருபத்தேழாவது வீடு சேர்ந்த மாதத்தில் அந்த எல்லை வந்தது. சரக்குகளை மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்க வேண்டும், அதை மறக்கக்கூடாது.

வீட்டில் நிறுத்துப் பார்த்தால் சரியாக இருக்கிறது. உங்களுக்குக் கட்டுப்படியாகிறதா?

ஐம்பது கிலோ மூடையிலிருந்து ஐம்பது ஒரு கிலோ பொட்டலம் வராது. சாக்கின் எடை உண்டு, அடியில் தூசியும் குருணையும் உண்டு, ஒவ்வொரு முறை நிறுக்கும்போதும் முள் நமக்குச் சாதகமாக நிற்பதில்லை. உதிரிச் சரக்கில் நூற்றுக்கு ஒரு ரூபாய் எடைக்கழிவு என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன். அதைப் பொட்டலத்தில் பத்து கிராம் குறைத்து ஈடுகட்டுவதில்லை. காசாளராக இருந்தபோது மாலையில் ரொக்கம் பத்து ரூபாய் கூடுதலாக இருந்தாலும் குறைவாக இருந்தாலும் வீட்டுக்குப் போக முடியாது. கூடுதல் என்பதும் யாரோ ஒருவருடைய பணம்தான்.

அரிசி மூடை ஏன் 26 கிலோவாக இருக்கிறது என்றும் கேட்கிறார்கள். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான, பெயரிட்டுப் பொதிந்த அரிசிக்கு 5 சதவீத வரி வந்தது. அதற்குப் பிறகு பல ஆலைகள் ஒரு கிலோவைக் கூட்டி 26 ஆக்கிவிட்டன. விலையை ஒப்பிடும்போது பழைய 25 கிலோச் சிப்பத்தின் விலையோடு ஒப்பிடக் கூடாது. கிலோ விலையாக வகுத்துப் பாருங்கள்.

ஒரு வீட்டு லிஸ்ட்டில் உங்களுக்கு எவ்வளவு நிற்கும்? மறைக்காமல் சொல்லுங்கள்.

நான்கு பேர் உள்ள ஒரு வீட்டின் லிஸ்ட் 3,800 ரூபாய் என்று வையுங்கள். அதில் பருப்பு, மிளகாய், சீனி, எண்ணெய் போன்ற உதிரிச் சரக்கு 2,300 ரூபாய். சோப்பு, பற்பசை, காப்பித்தூள் போன்ற நிறுவனப் பொட்டலங்கள் 1,500 ரூபாய். உதிரியில் நூற்றுக்கு 11 வீதம் 253 ரூபாயும், பொட்டலங்களில் நூற்றுக்கு 7 வீதம் 105 ரூபாயும் ஆக 358 ரூபாய் மேல்வருவாய். இதிலிருந்து எடைக்கழிவு 23, கீழமாசி வீதியிலிருந்து வண்டிவாடகையும் ஏற்றுக்கூலியும் சேர்ந்த பங்கு 35, பையும் சணலும் 18, மாடிக்குத் தூக்கிவரும் பாலிடெக்னிக் மாணவருக்கு 40, பெட்ரோல் 12, ஆக 128 ரூபாய் போகிறது. கையில் நிற்பது 230 ரூபாய். இப்போதுள்ள 45 வீடுகளுக்கு மாதம் 10,350 ரூபாய். அதில் முன்னே சொன்ன 1,367 ரூபாயைக் கழித்துக்கொள்ளுங்கள். எனக்கும் என் மனைவிக்கும் கூலியோ, முன்னறைக்கு வாடகையோ இந்தக் கணக்கில் இல்லை.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு வீடு அந்த 3,800 ரூபாயைத் தராமலே போய்விட்டால் எனக்கு நட்டம் 230 ரூபாய் அல்ல. சரக்கின் அசல் 3,442 ரூபாய், செய்த செலவு 128 ரூபாய், ஆக 3,570 ரூபாய். அதை ஈடுகட்ட வேறு பதினைந்து வீடுகளின் மாத லாபம் முழுவதும் போய், பதினாறாவது வீட்டிலும் பாதி போகும்.

அப்படியென்றால் கடன் கொடுக்காமல் ரொக்கத்துக்கு மட்டும் விற்கலாமே?

முதலில் அப்படித்தான் அறிவித்தேன். ஆனால் மாதச் சாமான் வாங்கும் வீடு மூன்றாம் தேதி சாமானை வாங்கி ஏழாம் தேதி சம்பளம் வந்ததும் பணம் கொடுத்துப் பழகிய வீடு. சாமானை இறக்கிவிட்டுப் பணத்துக்காக வாசலிலேயே நின்றால் அடுத்த மாதம் லிஸ்ட் வராது. ஆகவே கடன் உண்டு, வட்டி இல்லை. பணம் 10-ஆம் தேதிக்குள் வர வேண்டும். முந்தின மாதக் கணக்கு முடியாமல் அடுத்த லிஸ்ட்டுக்குப் பொட்டலம் போடுவதில்லை. ஏப்ரல் மாதத்துக்கு மட்டும் இந்தத் தேதி தளரும். மார்ச் மாதப் பென்ஷன் பலருக்கும் மார்ச்சில் வராமல் ஏப்ரலில்தான் வரும். ஏப்ரல் 1 வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிப்பு நாள். ஏப்ரலில் 15-ஆம் தேதி வரை நான் யாரையும் கேட்பதில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு என் பழைய கிளையில்தான் கணக்கு. யாருக்கு எவ்வளவு வருகிறது என்பது எனக்கு ஒரு காலத்தில் தெரியும். அந்த நினைவை வைத்து ஒருவருக்கும் கடன் அளவு போடுவதில்லை. கடந்த மூன்று மாத லிஸ்ட்டின் சராசரிதான் அந்த வீட்டின் வரம்பு.

யாராவது ஏமாற்றியிருக்கிறார்களா? பாக்கியை எப்படி வசூலிக்கிறீர்கள்?

ஏமாற்றியவர் என்று ஒருவரையும் சொல்ல மாட்டேன். ஒரு வீட்டின் கதையை மட்டும், அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். கணவர் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்தார். மாதந்தோறும் 5-ஆம் தேதியே பணம் தந்துவிடும் வீடு. ஒரு மாதம் 4,150 ரூபாய் பில்லுக்கு, "இப்போதைக்கு ஆயிரம் வைத்துக்கொள்ளுங்கள் சார்" என்று சொல்லி ஆயிரம் கொடுத்தார்கள். 27-ஆம் தேதி அவர்கள் லிஸ்ட் வரவில்லை. அடுத்த வாரம் அந்த அம்மா என்னைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் கடந்து போனார். வங்கியில் தவணை தவறி 90 நாள் ஆனால்தான் வாராக்கடன். ஆகவே பொறுத்திருந்து, பிறகு நிலுவை 3,150 ரூபாய் என்று மரியாதையாக ஒரு நினைவூட்டுக் கடிதம் எழுதி உறையில் போட்டு வைத்திருந்தேன்.

அதைக் கொடுக்கப் போகும் வழியில் தெருமுனை அண்ணாச்சி கடையில் நின்றேன். அவர் அந்த இடத்தில் கடை வைத்து முப்பது ஆண்டு ஆகிறது. நான் காசாளராக இருந்தபோது தினமும் ஒரு பை நிறையச் சில்லறையோடு என் இருக்கைக்கு வருவார், எண்ணி முடிக்கும்வரை முகம் சுளிக்காமல் நிற்பார். நான் விஷயத்தைச் சொன்னதும் உறையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"சார், பேங்க்ல கடன் வாங்கினவன் வீட்டை விட்டுப் போக முடியாது. மளிகைக் கடன் வச்சவன் கடையை மாத்திருவான். அந்தம்மா இப்ப பைபாஸ் ரோட்டுக் கடையில ரொக்கத்துக்கு வாங்குது. அந்த ரொக்கம் உங்ககிட்ட வர வேண்டிய ரொக்கம். பாக்கிய மறந்துட்டு யாவாரத்தக் கேளுங்க, பாக்கி தன்னால வரும்."

நான் கடிதத்தைக் கொடுக்கவில்லை. என் மனைவி அந்த வீட்டுக்குப் போய், பழைய பாக்கியைத் தனிப் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டோம், முடியும்போது ஐந்நூறு ஐந்நூறாகக் கொடுங்கள், இனி வாரத்துக்கு வேண்டியதைச் சின்ன லிஸ்ட்டாகச் சொல்லி ரொக்கத்துக்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். நிறுவனத்தில் மூன்று மாதமாகச் சம்பளம் போடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. வாரச் சாமான் அந்த வீட்டுக்கு மட்டும் போனது. ஐந்நூறு ரூபாய் சில மாதம் வந்தது, சில மாதம் வரவில்லை, ஆனால் முழுவதும் வந்து முடிந்தது. இதையே வங்கியில் செய்திருந்தால் கடன் மறுசீரமைப்பு என்று பெயரிட்டு நான்கு படிவங்களும் இரண்டு கையெழுத்துகளும் கேட்டிருப்போம்.

அன்றிலிருந்து நான் பாக்கியின் வயதை முதலில் பார்ப்பதில்லை. 27-ஆம் தேதி எந்த லிஸ்ட் வரவில்லை, எந்த வீட்டில் முழுப் பில்லுக்குப் பதிலாக முழு எண்ணில் ஒரு தொகை வருகிறது, எந்த லிஸ்ட்டில் பருப்பு அரைக் கிலோவாகவும் எண்ணெய் அரை லிட்டராகவும் சுருங்குகிறது என்று பார்க்கிறேன். இவை பாக்கி விழுவதற்கு ஒரு மாதம் முன்பே தெரிந்துவிடுகின்றன.

உங்களால் அண்ணாச்சி வியாபாரம் படுத்திருக்காதா?

மாதச் சாமானில் கொஞ்சம் குறைந்தது. அவரே என்னிடம் சொன்னார். அதற்கு முன்பே பெரிய அங்காடிகள் அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டிருந்தன என்றும் சொன்னார். இப்போது நாங்கள் இருவரும் கீழமாசி வீதிக்கு ஒரே நாளில் போகிறோம். தனித்தனியாக ஆளுக்கொரு ஆட்டோ எடுத்த இடத்தில் ஒரு குட்டியானை இருவர் சரக்கையும் ஏற்றி வருகிறது. மேலே சொன்ன 35 ரூபாய்ப் பங்கு அதனால்தான் அந்த அளவில் நிற்கிறது. பருப்புக் கடையில் அவர் கேட்டால் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைகிறது, நான் கேட்டால் குறைவதில்லை. என் லிஸ்ட்டில் விடுபட்ட சாமானை அவர் கடையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறேன். தயிர், தேங்காய், முட்டை, தீப்பெட்டி ஆகியவற்றை நான் தொடுவதில்லை.

பத்து நிமிடத்தில் கொண்டுவரும் செயலிகளோடு எப்படிப் போட்டி போடுவீர்கள்?

போடுவதில்லை. பத்து நிமிடத்தில் தேவைப்படுவது காப்பித்தூளும் பிஸ்கட்டும். ஐந்து கிலோ துவரம் பருப்பை யாரும் பத்து நிமிட அவசரத்தில் கேட்பதில்லை. பொட்டலச் சாமான்களில் அவர்கள் தரும் தள்ளுபடியை என்னால் தர முடியாது. அந்த ஐந்தாறு பொருளை அங்கே வாங்கிக்கொண்டு உதிரிச் சரக்கை மட்டும் என்னிடம் கேட்கும் வீடுகள் இருக்கின்றன. நூற்றுக்கு 7 நிற்கும் சாமான் போய் 11 நிற்கும் சாமான் தங்குவதில் எனக்கு வருத்தமில்லை.

அடுத்த தெருவுக்கும் கொடுப்பீர்களா? எங்கள் வீட்டைச் சேர்த்துக்கொள்ள முடியுமா?

இப்போது முடியாது. ஒரு வீட்டுக்கு அசல் 3,442 ரூபாய் என்றால் 45 வீடுகளுக்கு ஏறத்தாழ 1,55,000 ரூபாய், பணம் திரும்பி வருவதற்கு முன்பே வெளியே போய்விடுகிறது. சுழலும் பணம் 1,70,000. மிளகாயும் புளியும் வரத்தாகும் மாதங்களில் அந்த மீதியும் தீர்ந்துவிடும். வங்கியில் மிகைப்பற்று வசதி வாங்கி எழுபது வீடு பிடிக்கலாமே என்று பழைய மேலாளர் ஒருவர் யோசனை சொன்னார். எழுபது வீட்டுக்கு இரண்டாவது ஆள் வேண்டும், பொட்டலம் போட இன்னொரு கை வேண்டும், கடனுக்கு வட்டி வேண்டும். அத்தனைக்கும் பிறகு எந்த வீட்டில் பருப்பு அரைக் கிலோவாகச் சுருங்கியது என்பது எனக்குத் தெரியாமல் போகும். ஆகவே ஒரு வீடு காலிசெய்து போனால்தான் இன்னொரு வீடு சேரும். பெயரையும் கதவு எண்ணையும் என் மனைவியிடம் கொடுத்துவையுங்கள். வரிசைப் புத்தகம் அவரிடம்தான் இருக்கிறது, பரிந்துரைக்கு அவர் மசிவதில்லை.